சமையல் அக்காவுக்கு வாரச் சீட்டு: முந்தின ராத்திரி வேலையை எழுதாத மெனு பாதி மெனுதான்

மூன்றாம்மாடி · மார்ச் 3, ஞாயிறு, மாலை 6.10

வாரம் முழுக்க என்ன சமைக்கணும்னு சமையல் அக்காவுக்கு எழுதி வைக்கிற அம்மாக்கள் இங்கே நிறைய பேர் இருப்பீங்க. பெரும்பாலும் எழுதுறது என்ன? புதன், கொண்டைக்கடலை குழம்பு. வியாழன், கோழி. அவ்வளவுதான். அதை வச்சுக்கிட்டு காலையில ஏழு மணிக்கு உள்ளே வர்றவங்க என்ன செய்ய முடியும்? கடலை டப்பாவில காஞ்சு கிடக்கு, கோழி பனிப்பெட்டியில கல்லா கிடக்கு. உடனே ஃபோன்.

சீட்டுல முதல்ல எழுத வேண்டியது சாப்பாட்டின் பெயர் இல்லை, முந்தின நாள் வேலை. அதுவும் அந்த வேலை யாருடையதுன்னு சேர்த்து எழுதணும். எங்க வீட்டு அக்கா காலை ஏழிலிருந்து பத்து வரைக்கும்தான் இருப்பாங்க. ராத்திரி ஒன்பது மணிக்கு கடலையை ஊறப்போட அவங்களால வர முடியாது. அது எங்க வேலை. அதனால சீட்டுக்கு ரெண்டு வாசகர்கள்: அக்கா, அப்புறம் ராத்திரி வீட்டில இருக்கிற யாரோ ஒருத்தர்.

இந்த வாரம் எழுதினதை அப்படியே போடறேன்.

> எப்பவும்: சின்னவளுக்கு நிலக்கடலை ஆகாது. நிலக்கடலை, அதன் பொடி, செக்கு எண்ணெய் எதுவும் வேண்டாம். பாட்டிக்கு காரம் சேர்க்கிறதுக்கு முன்னாடி ஒரு கிண்ணம் எடுத்து வைக்கவும்.
>
> திங்கள், 5 பேர். சோறு, கீரை மசியல், மீன் வறுவல். மீன் நேத்து வாங்கினது, இன்னைக்கே முடியணும்.
>
> செவ்வாய், 4 பேர் (அவர் ஊரில் இல்லை). சோறு, பருப்பு, பீன்ஸ் பொரியல், வேகவைத்த முட்டை. *ராத்திரி 9, நாங்க:* கொண்டைக்கடலை 250 கிராம் ஊற வைப்பது.
>
> புதன், 5 பேர். கொண்டைக்கடலை குழம்பு, சோறு, வெள்ளரிக்காய் தயிர். *கடலை ஊறலைன்னா:* பாசிப்பருப்பு. *போகும்போது, அக்கா:* கோழியை மேலேயிருந்து எடுத்து ஃப்ரிட்ஜ் கீழ்த்தட்டில், ஆழமான பாத்திரத்தில்.
>
> வியாழன், 6 பேர். கோழிக் குழம்பு, சோறு, கேரட் பொரியல். *கோழி நடுவில இறுகி இருந்தா:* முட்டைக் குழம்பு.
>
> வெள்ளி, 5 பேர். ரசம், சோறு, உருளைக்கிழங்கு வறுவல், முட்டைக்கோஸ்.
>
> சனி. மீதி இருக்கிறதை முடிப்பது. வியாழனுக்கு முன்னாடி சமைச்சது எதுவும் இருந்தா கொட்டிடுங்க.

இதுல எதை விட்டேன், எது அதிகம்னு சொல்லுங்க.

---

கணக்குப்பிள்ளை · மார்ச் 3, இரவு 8.25

ஒரு நாளைக்கு ஒரு தடவை சோறு எதுக்கு? திங்கட்கிழமை பெரிய பாத்திரத்துல வச்சா செவ்வாய் மதியம் வரைக்கும் வரும். அக்காவுக்கு அரை மணி நேரம் மிச்சம். மேடையில மூடி வச்சிட்டு மறுநாள் நல்லா சூடு பண்ணினா கிருமி எல்லாம் செத்துடும். எங்க வீட்டில அப்படித்தான்.

---

பின்கட்டு · மார்ச் 3, இரவு 9.02

நல்ல மெனு. ஆனா எடை குறையணும்னா சோறு தினமும் இருக்கே? ராத்திரிக்கு என்ன சாப்பிடுறீங்க? எனக்கும் ஒரு வார மெனு தேவைப்படுது, ஆறு கிலோ குறைக்கணும். சிறுதானியம் சேர்த்து ஒண்ணு போட்டுத் தருவீங்களா?

---

மூன்றாம்மாடி · மார்ச் 3, இரவு 9.30

பின்கட்டு, இது எடைக்கான மெனு இல்லை. என்ன சாப்பிடலாம்ங்கறது வேற கேள்வி. முடிவு பண்ணினதை இன்னொருத்தர் கையால நடக்க வைக்கிறது எப்படின்னுதான் பேசறேன். உங்க மெனு எதுவா இருந்தாலும் இதே சீட்டு முறை பொருந்தும். சிறுதானியத்துலயும் சிலதை முன்கூட்டியே ஊற வைக்கணும், அந்த வரி சீட்டுல இருக்கணும்.

கணக்குப்பிள்ளைக்கு நாளைக்கு எழுதறேன். சோறு விஷயத்தை ரெண்டு வரியில முடிக்க முடியாது.

---

அடுப்படி ஆள் · மார்ச் 4, திங்கள், பிற்பகல் 2.15

நான் வீட்டுச் சமையல் வேலைதான் பார்க்கிறேன், இப்ப ரெண்டு வீடு. இந்த மாதிரி சீட்டு யார் எழுதினாலும் கும்பிடுவேன். தலைகணக்கு போட்டிருக்கீங்க பாருங்க, அதுதான் பாதி வேலை. "கோழி" னு எழுதிட்டுப் போயிடுவாங்க. ஆறு பேரா நாலு பேரா? பன்னிரண்டு மணிக்கு மேல "இன்னும் ரெண்டு பேர் வர்றாங்க" னு ஃபோன் வரும்.

ஆனா ஒண்ணு. 5 பேர்னா எவ்வளவு அரிசி? ஒவ்வொரு வீட்டு டம்ளரும் வேற. ஒரு வீட்டில மூணு டம்ளர் போட்டா மிஞ்சும், இன்னொரு வீட்டில அதே மூணு டம்ளர் பத்தாது. அந்த வீட்டு டம்ளரை ஒரே ஒரு தடவை தராசுல வச்சுப் பாருங்கம்மா. ஆளுக்கு 75 கிராம் அரிசின்னு வைங்க, நல்லா சாப்பிடுறவங்களுக்கு 100. அதை வச்சு "நம்ம டம்ளர் ரெண்டரை" னு சீட்டுல போட்டா கேள்வியே வராது.

இன்னொண்ணு: குக்கர் விசில் எத்தனைன்னு எழுதாதீங்க. நீங்க எழுதல, நல்லது. விசில் குக்கருக்குக் குக்கர் மாறும், அடுப்புத் தீக்கு மாறும், கடலை பழசா புதுசாங்கறதுக்கும் மாறும். ஒரு கடலையை எடுத்து விரல் நடுவில நசுக்கினா மாவா போகணும், நடுவில நறுக்னு ஒரு புள்ளி நிக்கக்கூடாது. இதை எழுதுங்க.

---

மூன்றாம்மாடி · மார்ச் 4, இரவு 10.05

தராசு விஷயம் உடனே செஞ்சேன். எங்க டம்ளர்ல தலைதட்டி அரிசி 160 கிராம். ஆளுக்கு 75ன்னா அஞ்சு பேருக்கு 375, கிட்டத்தட்ட ரெண்டரை டம்ளர் கொஞ்சம் குறைய. பெரியவன் ரெண்டு தட்டு வாங்குவான், பாட்டி கால் தட்டுக்கு மேல தொடமாட்டாங்க. ஒண்ணுக்கொண்ணு சரியாப் போகுது. சீட்டு மேல "அரிசி: 5 பேருக்கு ரெண்டரை டம்ளர், 4 பேருக்கு ரெண்டு, 6 பேருக்கு மூணு குறைய" னு எழுதி ஒட்டியாச்சு. இனி தினமும் எழுத வேண்டியதில்லை.

இப்ப சோறு. கணக்குப்பிள்ளை, சூடு பண்ணினா நிறைய கிருமி சாகும்ங்கறது சரிதான். சோத்துல வர்ற ஆபத்து வேற மாதிரி. அரிசியில ஒரு வகைக் கிருமியோட வித்து இருக்கும், அது கொதியிலயும் சாகாம நிக்கும். சோறு வெதுவெதுன்னு மேடையில மூடி இருக்கிற நேரத்துல அந்த வித்து முளைச்சுப் பெருகும், பெருகும்போது ஒரு நச்சை விட்டுட்டுப் போகும். மறுநாள் நீங்க கொதிக்க வச்சாலும் கிருமிதான் சாகும், அந்த நச்சு அப்படியே நிக்கும். வாந்தி வர்றது அதனாலதான். வாசனையிலயோ நிறத்துலயோ கண்டுபிடிக்க முடியாது.

அதனால ரெண்டு நாளைக்குச் சேர்த்து வைக்கணும்னா, செவ்வாய்க்கான பங்கை வெந்த உடனே அகலமான தாம்பாளத்துல பரப்பி, ஆவி அடங்கினதும், அதாவது ஒரு மணி நேரத்துக்குள்ள, மூடி ஃப்ரிட்ஜ்ல வைக்கணும். ஆழமான பாத்திரத்துல அப்படியே வச்சா நடுவில சூடு மணிக்கணக்கா போகாது. அப்படி வச்சதை மறுநாள் முடிச்சிடணும், சூடு பண்ணுறது ஒரே ஒரு தடவைதான்.

அக்கா போகிறது பத்து மணி. அந்தப் பரப்புற வேலையை யார் செய்யறது? மதியம் எடுத்து வைக்க யாரும் இல்லாத வீட்டில தினமும் புதுசா வைக்கிறதுதான் குறைஞ்ச வேலை. எங்க வீட்டில பாட்டி எடுத்து வைப்பாங்கதான். ஆனா வேகமா ஆறணுமேன்னு அவசரப்படுத்த எனக்கு மனசில்லை.

---

தொலைதூரம் · மார்ச் 5, செவ்வாய், காலை 7.50

என் கேள்வி வேற மாதிரி. எங்க அம்மா தனியா இருக்காங்க, நான் வேற ஊர்ல. சமைக்க வர்ற அம்மாவுக்குப் படிக்கத் தெரியாது. எங்க அம்மாவுக்குக் கண் சரியா தெரியல. நான் ஞாயிற்றுக்கிழமை ஏழு நாளுக்கும் ஒரே குரல் செய்தியா பேசி அனுப்பறேன், புதன்கிழமைக்கு வந்ததும் "என்ன சொன்னீங்க" னு மறுபடி கேக்கறாங்க. எழுதாம சீட்டு எப்படி?

---

அடுப்படி ஆள் · மார்ச் 5, பிற்பகல் 1.40

மாவு கையோட ஃபோனைத் தொட முடியாது அம்மா. நாலு நிமிஷம் ஓடற செய்தியில புதன்கிழமை எங்கே இருக்குன்னு தேடறதும் முடியாது. ஒரு நாளைக்கு ஒரு செய்தி, முந்தின ராத்திரி. "நாளைக்கு மூணு பேர்" இதுல ஆரம்பிச்சு அரை நிமிஷத்துல முடிங்க.

எனக்குத் தெரிஞ்ச ஒரு வீட்டில வேற மாதிரி செய்வாங்க. ஏழு டப்பா, மூடியில ஏழு நிறத்துல நாடா. திங்கள் டப்பாவுல அன்னைக்கு வேண்டிய பருப்பு, புதன் டப்பாவுல கடலை, அளந்தே இருக்கும். டப்பாவைத் திறந்தா மெனு அதுலயே இருக்கு. கடலை டப்பா கண்ணுல பட்டா முந்தின நாளே ஊறப்போடணும்னு தெரியும். அளவும் கேக்க வேண்டாம்.

---

தொலைதூரம் · மார்ச் 5, இரவு 9.15

டப்பா நல்லா இருக்கு. ஆனா காய்? அதுவும் அழுகற பொருள். அதை டப்பாவில போட முடியாதே.

---

மூன்றாம்மாடி · மார்ச் 5, இரவு 9.50

காய்க்கு நாள் ஒட்டத் தேவையில்லை, வரிசை ஒட்டினா போதும். எது சீக்கிரம் வாடுமோ அது முதல்ல. ஞாயிற்றுக்கிழமை வாங்கினா கீரை திங்கள், மிஞ்சிப் போனா செவ்வாய். பீன்ஸ், வெண்டை, வெள்ளரி வாரத்தோட நடுவில. கேரட், முட்டைக்கோஸ், உருளைக்கிழங்கு, வெங்காயம் கடைசி வரைக்கும் நிக்கும். ஃப்ரிட்ஜ் காய்த் தட்டுல வாடற காய் முன்னாடி, நிக்கிற காய் பின்னாடி. "முன்னாடி இருக்கிறதை எடுங்க" ங்கற ஒரே வாக்கியத்தைக் கண் தெரியாதவங்களும் படிக்கத் தெரியாதவங்களும் கையால தடவியே செய்யலாம். உருளையையும் வெங்காயத்தையும் மட்டும் ஃப்ரிட்ஜ்ல வைக்க வேண்டாம், வெளியில தனித்தனி கூடை.

என் சீட்டையே பாருங்க. கீரை திங்கள், முட்டைக்கோஸ் வெள்ளி. அதை மாத்தி கீரையை வெள்ளிக்கிழமைக்கு எழுதி, அது கறுத்துப் போனதும் "காய் சரியில்லை" ன்னு கடைக்காரரைத் திட்டறவங்க இருக்காங்க. கடைக்காரர் என்ன பண்ணுவார்? மெனு எழுதினவங்க கேலண்டர் பார்த்தாங்க, காயைப் பார்க்கல.

இன்னைக்கு ராத்திரி கடலை நேரம் வந்தாச்சு. பெரியவன்தான் போடறான்.

---

மூன்றாம்மாடி · மார்ச் 6, புதன், காலை 10.40

கடலையை விவரமா எழுதறேன், ஏன்னா வாரச் சீட்டுல அதிகமா தடுக்குறது இந்த வரிதான்.

250 கிராம் காஞ்ச கடலைக்கு அதுபோல மூணு பங்கு தண்ணி. சின்னப் பாத்திரத்துல போட்டா காலையில தண்ணி முழுக்க உறிஞ்சிட்டு மேல இருக்கிற கடலை காஞ்சே நிக்கும், அது வேகாது. எட்டு மணி நேரம் போதும், பன்னிரண்டு ஆனாலும் பரவாயில்லை. வெயில் அதிகமான நாள்ல பாத்திரத்தை ஃப்ரிட்ஜ்லயே வைக்கலாம், இல்லாட்டி தண்ணி நுரைச்சுப் புளிச்ச வாடை வரும். ஊறின பிறகு ஒரு கடலையைக் குறுக்கே வெட்டிப் பார்த்தா நடுவில வெள்ளையா காஞ்ச வட்டம் இருக்கக்கூடாது. காலையில அந்தத் தண்ணியைக் கொட்டிட்டுப் புதுத் தண்ணி. வெந்த பிறகு ரெண்டு மடங்குக்கும் மேல எடை வரும், 250 போட்டா 550, 600 கிராம். அஞ்சு பேருக்குத் தாராளம், ஒரு கிண்ணம் மறுநாளைக்கும் வரும்.

அக்காவுக்கு நான் எழுதற வரி: "கடலை முழுசா வெந்த பிறகுதான் தக்காளியும் புளியும்." புளிப்பு சேர்ந்தா தோல் இறுகிடும், அதுக்கப்புறம் எவ்வளவு நேரம் வேக வச்சாலும் நறுக்குனு நிக்கும். ஊறவச்சும் வேகலேன்னு சொல்றவங்க முதல்ல இதைத்தான் பார்க்கணும். அடுத்தது கடலையோட வயசு. அலமாரியில ரெண்டு மூணு வருஷம் கிடந்த கடலை எந்த வேலை செஞ்சாலும் மெத்துனு ஆகாது. கடினத் தண்ணி இருக்கிற வீட்டுக்கும் இந்தச் சிரமம் உண்டு, அங்கே ஒரு சிட்டிகை சமையல் சோடா உதவும். சிட்டிகைக்கு மேல போனா சோப்பு வாடை வரும், கடலை கரைஞ்சு கூழாகும்.

இன்னைக்கு எட்டே கால் மணிக்கு அக்கா ஒரு கடலையை எடுத்து எனக்கு நீட்டினாங்க. விரல் நடுவில வச்சு அழுத்தினா தோல் தனியா வழுக்கிட்டுப் போச்சு, உள்ளே இருந்தது வெண்ணெய் மாதிரி பரவிடுச்சு. அதுக்குப் பிறகுதான் தக்காளி போட்டாங்க.

---

கணக்குப்பிள்ளை · மார்ச் 6, மதியம் 12.30

ராத்திரி மறந்துட்டா காலையில கொதிக்கிற தண்ணியில ஒரு மணி நேரம் போட்டா போதுமே. எதுக்கு பாசிப்பருப்பு?

---

அடுப்படி ஆள் · மார்ச் 6, பிற்பகல் 3.00

போதும் சார், கடலையோடயே ரெண்டு நிமிஷம் தளதளன்னு கொதிக்க விட்டு அடுப்பை அணைச்சு மூடி ஒரு மணி நேரம் வச்சா ஊறினதுக்குச் சமம். நான் செஞ்சிருக்கேன். ஆனா ஏழு மணிக்கு வந்து எட்டரைக்குள்ள பிள்ளைங்க டப்பா கட்டணும்னா அந்த ஒரு மணி நேரம் எங்கே இருக்கு? நேரம் இருக்கிற வீட்டில அதைச் செய்யலாம். டப்பா கட்டுற வீட்டில பாசிப்பருப்புதான் சரி, ஊறவே வைக்க வேண்டாம், அரை மணியில குழைஞ்சிடும்.

அந்த "ஊறலைன்னா" வரிதான் எனக்கு ரொம்பப் பிடிச்சது. அந்த வரி இருந்தா நான் யாரையும் எழுப்பிக் கேக்க வேண்டாம்.

---

பின்கட்டு · மார்ச் 6, மாலை 5.20

எங்க வீட்டில கொண்டைக்கடலை இல்லை, சிவப்பு ராஜ்மா இருக்கு. அந்த இடத்துல அதைப் போட்டுக்கலாம்தானே? மெதுவா வேக வைக்கிற மின் குக்கர் வாங்கியிருக்கேன், காலையில போட்டுட்டு வேலைக்குப் போயிடலாம்.

---

மூன்றாம்மாடி · மார்ச் 6, இரவு 8.45

பின்கட்டு, அதுல அப்படியே போடாதீங்க. கடலைக்குப் பதில் ராஜ்மான்னு சீட்டுல எழுதறதா இருந்தா அதுக்குன்னு தனி வரி வேணும். சிவப்பு ராஜ்மாவுல இயல்பாவே ஒரு நச்சு உண்டு, நல்ல கொதியில அழிஞ்சிடும். மெதுக் குக்கர்ல பெரும்பாலும் தளதளன்னு கொதி வராது. அந்த இளஞ்சூட்டுல நச்சு அழியறதுக்குப் பதிலா இன்னும் கூடலாம். சில மணி நேரத்துல வாந்தி, பேதின்னு காட்டும். ராத்திரி முழுக்க ஊறவச்சு, தண்ணியைக் கொட்டிட்டு, புதுத் தண்ணியில குறைஞ்சது பத்து நிமிஷம் நல்லா கொதிக்க விட்டு, அப்புறம் மெதுக் குக்கருக்கு மாத்தலாம். சாதாரண பிரஷர் குக்கர்ல மெத்துனு வேக வச்சா இந்தக் கவலை இல்லை.

அக்காவுக்கு மாத்தி மாத்தி செய்ய சுதந்திரம் குடுக்கணும்னு சொல்றவங்களுக்கு இது ஒரு பதில். காயை மாத்தலாம். பயறை மாத்தறது வேற விஷயம்.

---

அடுப்படி ஆள் · மார்ச் 7, வியாழன், பிற்பகல் 2.30

இதுல நான் ஒத்துக்க மாட்டேன் அம்மா. ராஜ்மாவை எப்படி வேக வைக்கணும்னு எனக்குத் தெரியும், தெரிஞ்ச ஆள் கையைக் கட்டாதீங்க. நான் போற ஒரு வீட்டில மெனுவே கிடையாது. "அஞ்சு பேர், ஒண்ணரைக்குச் சாப்பாடு, ஒரு பருப்பு, ஒரு காய்" இவ்வளவுதான். ஃப்ரிட்ஜைத் திறந்து பார்த்து எது முதல்ல போகணுமோ அதை எடுப்பேன். அந்த வீட்டில எதுவும் வீணாகிறதில்லை. இன்னொரு வீட்டில வெள்ளிக்கிழமை வெண்டைக்காய்னு எழுதியிருக்கும், வெண்டை முத்தி நாராக் கிடக்கும், அதையே செய்யணும். பிள்ளை சாப்பிடாது, மறுநாள் என்மேல பேச்சு.

---

மூன்றாம்மாடி · மார்ச் 7, இரவு 9.10

நீங்க சொல்றது உங்களைப் போல அனுபவம் இருக்கிறவங்களுக்குப் பொருந்தும். புதுசா வந்த ஒருத்தருக்கு "ஒரு பருப்பு, ஒரு காய்" னு விட்டா அவங்க பயந்து தினமும் உருளைக்கிழங்குதான் செய்வாங்க. எங்க வீட்டில அதைப் பார்த்திருக்கேன்.

ஆனா வெண்டைக்காய் விஷயத்துல உங்க பக்கம்தான் நியாயம். அதனால அடுத்த வாரச் சீட்டுல காய் பேரை எழுதப் போறதில்லை. "கீரை" திங்கள்ல மட்டும் இருக்கும், மத்த நாள் "முன்னாடி இருக்கிற காய்". பருப்பு, முட்டை, கோழி, மீன் எந்த நாள்ங்கறது மட்டும் என் கையில. ஏன்னா அதுக்குத்தான் முந்தின நாள் வேலை இருக்கு.

---

கணக்குப்பிள்ளை · மார்ச் 7, இரவு 10.20

கோழியை முந்தின காலையிலேயே ஏன் இறக்கறீங்க? ராத்திரி இறக்கினா போதாதா? இல்லேன்னா காலையில மேடையில வச்சா ரெண்டு மணி நேரத்துல இளகிடும்.

---

மூன்றாம்மாடி · மார்ச் 8, வெள்ளி, காலை 6.30

ஒரு கிலோ கோழி ஒரே கட்டியா உறைஞ்சிருக்கு. ஃப்ரிட்ஜோட சூடு 4 டிகிரி பக்கம். அந்தக் குளிர்ல அது இளக கிட்டத்தட்ட முழு நாள் ஆகும். ராத்திரி பத்துக்கு இறக்கினா காலை ஏழுக்கு ஓரம் மெத்துனு, நடுவில கல். அதை அப்படியே குழம்புல போட்டா வெளித்துண்டு பிஞ்சு போகும், நடுத்துண்டு எலும்புகிட்ட சிவப்பா நிக்கும். அதனாலதான் புதன் காலை பத்து மணிக்கே அக்கா இறக்கி வைக்கிறாங்க. வியாழன் காலைக்கு இருபத்தோரு மணி நேரம்.

மேடையில வேண்டாம். நடுப்பகுதி இளகறதுக்குள்ள வெளிப்பகுதி அறைச் சூட்டுக்கு வந்துடும், கிருமிக்கு அதுதான் வேணும். அவசரம்னா பையோட நல்லா கட்டி குளிர்ந்த தண்ணியில முக்கி வைக்கலாம், அரை மணிக்கு ஒரு தடவை தண்ணி மாத்தணும். அரை கிலோவுக்கு ஒரு மணி நேரம் பிடிக்கும், அப்படி இளகினதை உடனே சமைச்சிடணும்.

கீழ்த்தட்டு, ஆழமான பாத்திரம்னு எழுதினதுக்கும் காரணம் உண்டு. இளகற கோழியிலிருந்து இளஞ்சிவப்பாத் தண்ணி வடியும். மேல்தட்டுல தட்டையான தட்டுல வச்சா அது கீழே இருக்கிற வெள்ளரிக்காய் மேல சொட்டும், வெள்ளரியை நாம பச்சையா சாப்பிடறோம். நேத்து காலையில பார்த்தப்ப பாத்திரத்துல கால் டம்ளருக்குக் கொஞ்சம் குறைவா தண்ணி நின்னுது.

நேத்து ஆறு பேர் சாப்பிட்டும் ரெண்டு கரண்டி குழம்பு மிச்சம். சனிக்கிழமைக்குப் போகும்.

---

தொலைதூரம் · மார்ச் 8, இரவு 8.00

டப்பா முறை ஆரம்பிச்சாச்சு. ஒரு சந்தேகம். எங்க அம்மாவுக்கு ரத்த அழுத்தம், உப்பு குறைக்கச் சொல்லியிருக்காங்க. அதை எந்த நாள் டப்பாவுல வைக்கிறது?

---

மூன்றாம்மாடி · மார்ச் 8, இரவு 8.40

எந்த நாள்லயும் வைக்காதீங்க. நாள் வரிக்குள்ள எழுதினா அந்த நாளோட மறந்துடும். என் சீட்டுல "எப்பவும்" ங்கறது மேல தனியா இருக்கிறதுக்கு அதுதான் காரணம். அந்தத் தாள் வாராவாரம் மாறாது, அலமாரிக் கதவு உள்பக்கம் நிரந்தரமா ஒட்டியிருக்கு. நாள் சீட்டு மட்டும்தான் ஞாயிறுக்கு ஞாயிறு மாறும். புதுசா ஒருத்தர் ஒரு நாளைக்கு மாற்று ஆளா வந்தாலும் கதவைத் திறந்ததும் அது கண்ணுல படும்.

உங்க வீட்டில எழுத்து உதவாது, அதனால உப்புக்கே ஒரு வேலை செய்யலாம். ஒரு நாளைக்கு அம்மாவுக்கு எவ்வளவுன்னு டாக்டர்கிட்ட கேட்டு, அந்த அளவை மட்டும் ஒரு சின்னக் கிண்ணத்துல தினமும் காலையில எடுத்து வைக்கச் சொல்லுங்க. சமையல் முழுக்க அந்தக் கிண்ணத்திலிருந்துதான். பெரிய உப்பு ஜாடி மேல் அலமாரிக்குப் போயிடணும். ஊறுகாய், அப்பளத்துல இருக்கிற உப்பு இந்தக் கிண்ணத்துல வராது, அதையும் டாக்டர்கிட்ட சொல்லிக் கேளுங்க.

நிலக்கடலை வரிக்கும் இதே முறைதான். வாங்கறதே இல்லை, வீட்டுக்குள்ள இல்லாததை யாரும் தவறிப் போட முடியாது. வெளியிலிருந்து வர்ற பொடி, சட்னிக்கு மட்டும் தனிக் கரண்டி, சிவப்புக் கைப்பிடி போட்டது.

---

அடுப்படி ஆள் · மார்ச் 9, சனி, பிற்பகல் 1.15

சனிக்கிழமை வரி பத்தி ஒண்ணு கேக்கணும்னு இருந்தேன். "வியாழனுக்கு முன்னாடி சமைச்சது எதுவும் இருந்தா கொட்டிடுங்க" ன்னு எழுதியிருக்கீங்க. மூடின டப்பாவுக்குள்ள எது புதன், எது வியாழன்னு எனக்கு எப்படித் தெரியும்? மோந்து பார்த்துத்தான் சொல்லணும். மூக்கு எல்லாத்தையும் சொல்லாதுன்னு நீங்களே சோத்துக்கு எழுதியிருக்கீங்க.

---

மூன்றாம்மாடி · மார்ச் 9, மாலை 4.50

சரியான கேள்வி. இன்னைக்குக் காலையில எங்க அக்காவும் அதேதான் கேட்டாங்க. ஃப்ரிட்ஜ் மேல ஒரு காகித நாடாச் சுருளும் பேனாவும் வச்சிருக்கேன். மிச்சத்தை உள்ளே வைக்கிறவங்க நாளோட முதல் எழுத்தை எழுதி ஒட்டணும்: தி, செ, பு, வி, வெ. எழுத்து ஒட்டாத டப்பா சனிக்கிழமை கேள்வி இல்லாம குப்பைக்கு.

மூணு நாள், அதிகபட்சம் நாலு நாள்தான் சமைச்ச குழம்புக்கு ஃப்ரிட்ஜ் கணக்கு. புதன் கடலை சனிக்கிழமை மூணாவது நாள், கணக்குப்படி சாப்பிடலாம்தான். ஆனா வாரத்துல ரெண்டு தடவை வெளியே எடுத்துச் சூடு பண்ணி மறுபடி உள்ளே வச்ச கிண்ணம் அது. அதனாலதான் வியாழன்னு கோடு போட்டேன். எடுக்கும்போது வேண்டியதை மட்டும் தனியா எடுத்துச் சூடு பண்ணினா புதனையும் சேர்த்துக்கலாம்.

---

கணக்குப்பிள்ளை · மார்ச் 9, இரவு 9.35

சோறு பரப்பி வைக்கிறதை வீட்டில சொன்னேன். அம்மா ஒத்துக்கலை, "இத்தனை வருஷம் யாருக்கு என்ன ஆச்சு" ங்கறாங்க. தாம்பாளம் மட்டும் எடுத்து வச்சிருக்கேன், பார்ப்போம். ஒரு கேள்வி: தயிர் ஊத்திப் பிசைஞ்சு வச்ச சோத்துக்கும் இதேதானா? புளிப்பு இருக்கே.

---

மூன்றாம்மாடி · மார்ச் 10, ஞாயிறு, மாலை 6.20

புளிப்பு இருக்கிற இடத்துல அந்தக் கிருமி பெருகறது குறையும், அது உண்மை. ஆனா தயிர் ஊத்தறதுக்கு முன்னாடியே சோறு நாலு மணி நேரம் வெதுவெதுன்னு கிடந்திருந்தா நச்சு ஏற்கனவே வந்திருக்கலாம், தயிர் அதை எடுக்காது. ஆறின உடனே பிசைஞ்சு ஃப்ரிட்ஜ்ல வச்சதுன்னா எனக்குப் பயமில்லை. வெளியில வச்சது எத்தனை மணி நேரம் தாங்கும்னு நான் ஒரு கணக்கு சொல்ல மாட்டேன், தயிரோட புளிப்பு வீட்டுக்கு வீடு வேற.

புதுச் சீட்டு ஒட்டியாச்சு. இந்த வாரம் கோழி செவ்வாய், கடலை வெள்ளி. அதனால கோழியை இறக்கற வரி நாளைக்குக் காலையிலயே வருது, கடலை ஊறப்போடறது வியாழன் ராத்திரி. வியாழன் நான் வர லேட்டாகும், "நாங்க" ங்கற இடத்துல பெரியவன் பேரையே எழுதிட்டேன்.